கோண்டாவிலில், மதில் சூழ்ந்த குடியிருப்பினுள், மூன்று படுக்கையறை வீடு விற்பனைக்கு

பலாலி வீதியிலிருந்து கோண்டாவில் பக்கமாகப் பிரியும் ஒழுங்கையொன்றில், 16 வீடுகளும் ஒரே வாயிலும் கொண்ட குடியிருப்பில் உள்ள 9ஆம் இலக்க வீடு விற்பனைக்கு உண்டு. ஒன்றே முக்கால் பரப்புக் காணியில் 2017ஆம் ஆண்டு கட்டப்பட்ட, 1,720 சதுர அடி கொண்ட மாடியில்லா வீடு இது. மூன்று படுக்கையறைகள், இரண்டு குளியலறைகள், ஒரு கார் நிறுத்தக்கூடிய போர்ட்டிக்கோ, பின்வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் ஆகியன உள்ளன. விலை 3 கோடியே 85 லட்சம் ரூபா. நேரில் பார்த்த பின்னர் பேசித் தீர்க்கலாம்.

வீட்டின் உட்புறத்தைப் படங்களிலேயே காணலாம். ஆனால் இத்தகைய குடியிருப்பில் வீடு வாங்குபவர் பொது வசதிகளுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார் என்பதாலும், அவை படத்தில் எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிவதாலும், அவற்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பொதுமண்டபம் வாயிலுக்கு வலப்புறமாக உள்ளது. எல்லோரும் அதனை ‘கிளப் ஹவுஸ்’ என்றே அழைத்தாலும், உண்மையில் அது 1,100 சதுர அடி கொண்ட ஒரு கூடமும், சாப்பாட்டைச் சூடாக்கிப் பரிமாறப் போதுமான சிறிய சமையலறையும், இரண்டு கழிவறைகளும்தான். அறுபது கதிரைகள் போடலாம். எண்பது போட்டால் நடக்க இடமிராது. பிள்ளைகளின் பிறந்தநாள், வீட்டு அளவிலான பூசை, அந்தியேட்டிச் சாப்பாடு போன்றவற்றுக்கு அது நன்றாக உதவுகிறது. சாமத்திய வீட்டையோ கலியாணத்தையோ அங்கே நடத்தலாம் என்று எண்ணி வாங்க வேண்டாம். அவற்றுக்கு நாங்களும் வெளியே மண்டபம்தான் எடுக்கிறோம். குளிரூட்டி கிடையாது, ஆறு மின்விசிறிகள் உண்டு. கூரை தகடு என்பதால், கார்த்திகை மழை பிடித்துப் பெய்யும்போது உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பது கடினம். குடியிருப்பாளர் ஒரு நாளுக்கு 5,000 ரூபா செலுத்தி அதனை எடுக்கலாம். மதுபானம் அனுமதிக்கப்படுவதில்லை, இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து நிற்கும் வீடுகள் பல என்பதால், அந்த 25 நாட்களுக்கு ஒரு மாதம் முன்னரே பதிந்துகொள்வது நல்லது.

மண்டபத்தின் ஒரு மூலையில் உடற்பயிற்சிக்கென ஒரு மிதிவண்டியும் ஓர் ஓட்டப்பொறியும் உள்ளன. மிதிவண்டி வேலை செய்கிறது. ஓட்டப்பொறி வேலை செய்யவில்லை, திருத்துவதா அகற்றுவதா என்பதைச் சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகவே இந்த விளம்பரத்தில் ‘ஜிம்’ என்ற சொல் இடம்பெறாது. நீச்சல் தடாகமும் இல்லை. ஆரம்பத்தில் வெளியான விளம்பரத் தாளில் தடாகம் வரையப்பட்டிருந்ததை இணையத்தில் இன்னும் சிலர் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது சீமெந்து போட்ட பாட்மின்ரன் திடல் ஒன்று.

பிள்ளைகள் விளையாடும் பகுதி அந்தத் திடலை ஒட்டியுள்ளது. இரண்டு ஊஞ்சல்கள், ஒரு சறுக்கு, ஒரு சீசோ, மணல் கொட்டிய தளம் என்பவை மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளுக்குப் பொருத்தமானவை. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் திடலிலோ உள்வீதியில் சைக்கிளிலோதான் நிற்பார்கள். சறுக்கு உலோகத்தாலானது. பங்குனி, சித்திரை மாதங்களில் முற்பகல் 10 மணிக்குப் பிறகு அதில் கை வைக்கவே முடியாது. மேற்குப் பக்க வேம்பின் நிழல் விழுவது மாலை 4 மணியளவில்தான். பெருமழைக்குப் பின் மணல் ஓரிரு நாட்கள் ஈரமாக இருக்கும். எனினும், வீதியில் வாகனம் வருமே என்ற பயமின்றிப் பிள்ளையை வெளியே விடக்கூடிய இடம் இது. நாங்கள் இங்கு வீடு வாங்கியதற்கு முதற்காரணமும் அதுதான்.

பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது ‘24 மணிநேர முழுமையான பாதுகாப்பு’ என்ற வழக்கமான வரியைத் தவிர்க்கிறேன், ஏனெனில் அது எதையும் விளக்குவதில்லை. வாயிலில் எந்நேரமும் ஒரு காவலாளி இருக்கிறார். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஆள் மாறுகிறார். வெளியார் எவரேனும் வந்தால், பெயரையும் வாகன இலக்கத்தையும் பதிவேட்டில் எழுதி, வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்ட பின்னரே கேற்றைத் திறப்பார். காவலாளி ஆயுதம் தாங்கியவரல்லர், ஒருவர்தான். அவர் கழிவறைக்குச் செல்லும் ஐந்து நிமிடமும் கேற் பூட்டியிருக்கும், வருபவர் காத்திருக்க வேண்டும். வாயிலிலும் உள்வீதியிலுமாக ஐந்து சீசீரீவி கமராக்கள் உள்ளன. பதிவுகள் 14 நாட்கள் வரை இருக்கும். 9ஆம் இலக்க வீட்டின் முன்புறம் ஒரு கமராவில் தெரியும், பின்வளவு எதிலும் தெரியாது. மின்சாரம் நின்றால் வாயில் விளக்கும் கமராக்களும் கிணற்றுப் பம்பியும் பொது மின்பிறப்பாக்கியில் இயங்கும். வீடுகளுக்கு அதிலிருந்து மின்சாரம் இல்லை.

சுற்றுமதில் மூன்று பக்கங்களில் ஏழு அடி உயரமானது. வாழைத்தோட்டத்தை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில் ஆறு அடி மட்டுமே, முட்கம்பியும் இல்லை. அந்தப் பக்கமாக யாரோ ஏறி வந்து உள்வீதியில் நின்ற சைக்கிள் ஒன்றைக் கொண்டுபோன சம்பவம் ஒரு முறை நடந்திருக்கிறது. வீடு உடைத்துத் திருடிய சம்பவம் நாங்கள் இங்கு இருக்கும் காலத்தில் நடக்கவில்லை. வீட்டின் யன்னல்களுக்குக் கம்பி போட்டிருக்கிறோம். இரவில் கதவைப் பூட்டித்தான் படுக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் 9,500 ரூபா. பதினாறு வீடுகளிலிருந்தும் சேரும் 1,52,000 ரூபாவில் ஏறத்தாழ 95,000 ரூபா காவலுக்கே போகிறது. எஞ்சியது துப்புரவு, பொது மின்கட்டணம், சிறு திருத்தங்களுக்குப் போதுமானது, பெரிய வேலைகளுக்கு அன்று. மண்டபத்துக்கு நிறம் பூசியபோது வீட்டுக்கு 12,000 ரூபா தனியாகச் சேர்த்தோம். கிழக்கு மதிலை உயர்த்தத் தீர்மானித்தால் மீண்டும் அப்படிச் சேர்க்க வேண்டி வரும். எங்கள் வீட்டின் பெயரில் நிலுவை எதுவும் இல்லை, சங்கத்தின் கடிதத்தை உறுதி எழுதும் நாளுக்கு முன் தருவோம்.

காணி உறுதியில் வீட்டுக் காணியுடன், உள்வீதியும் மண்டபமும் விளையாட்டுப் பகுதியும் அடங்கிய பொதுக்காணியில் பிரிக்கப்படாத பதினாறில் ஒரு பங்கும் எழுதப்பட்டுள்ளது. காவல் அப்படியல்ல; அது ஆண்டுதோறும் சங்கம் புதுப்பிக்கும் ஒப்பந்தம் மட்டுமே, பெரும்பான்மையானோர் வேண்டாமென்றால் நின்றுவிடும். நில அளவைப் படத்தையும் உறுதியின் பிரதியையும் உங்கள் நொத்தாரிசு பார்வையிடலாம். உறுதி என் மனைவியின் பெயரில் உள்ளதால், தேசவழமைப்படி நானும் சம்மதித்துக் கையொப்பமிடுவேன். வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துவதால், புலம்பெயர்ந்த உறவுகளுக்காக விசாரிப்பவர்கள் வாங்குபவரின் குடியுரிமை நிலையை முதலிலேயே தெரிவித்தால் இரு தரப்புக்கும் நேரம் மிஞ்சும்.

வீட்டைச் சனி, ஞாயிறு மாலை 4 மணி முதல் 6 மணி வரை பார்வையிடலாம். அந்த நேரத்தில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் வீட்டு விறாந்தை வரை கேட்கும், அது உங்களுக்கு ஒத்துவருமா என்பதையும் அப்போதே அறியலாம். வரும் நாளை முன்கூட்டிச் செய்தி அனுப்பி உறுதிப்படுத்தி, காவலறையில் 9ஆம் இலக்க வீடு என்று சொல்லவும். தரகர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்.