முதலீட்டு டேர்ம் ஷீட்: நடமாடும் நெல் உலர்த்தி நிறுவனம், மன்னார்குடி

தேதி: 18 ஆகஸ்ட் 2025
இடம்: தஞ்சாவூர்

மன்னார்குடி வட்டத்தில் வயலுக்கே வந்து நெல் உலர்த்தித் தரும் உங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் ('நிறுவனம்') நாங்கள் நால்வரும் ('முதலீட்டாளர்கள்') பணம் போட விரும்புகிறோம். குறுவை அறுப்பு மழையில் மாட்டும்போது 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல் கொள்முதல் நிலைய வாசலில் நாள்கணக்கில் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் இயந்திரத்துக்கு வேலை இருக்கிறது என்று நம்புகிறோம்.

இந்தத் தாளில் இரண்டு பகுதிகள் உண்டு. 'அ' பகுதி நம் பேச்சு எங்கே நிற்கிறது என்பதற்கான பதிவு. அதை வைத்து யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. 'ஆ' பகுதி கையெழுத்திட்ட நாளிலிருந்தே இரு தரப்பையும் கட்டும்.

அ. கட்டுப்படுத்தாத பகுதி

1. தொகை: ₹1.5 கோடி. முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு ₹4.5 கோடி, பிந்தையது ₹6 கோடி. முழுமையாகக் கணக்கிட்டால் எங்களுக்கு 25%, ஊழியர் பங்குத் தொகுப்புக்கு 10%, நிறுவனர்கள் இருவருக்கும் சேர்த்து 65%.

2. பங்கு வகை: கட்டாயம் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு. மாற்று விகிதம் ஒன்றுக்கு ஒன்று. டிவிடெண்ட் 0.01%. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 42 படி பணம் தனி வங்கிக் கணக்கில் வரும். பங்கு ஒதுக்கீட்டைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் PAS-3 படிவம் தாக்கலாகும்வரை அதைத் தொடக்கூடாது.

3. லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், அதாவது முதலில் பணம் எடுக்கும் உரிமை: நாம் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறோம். நிறுவனத்தைக் கலைத்தாலும், விற்றாலும், இன்னொன்றோடு இணைத்து கட்டுப்பாடு கைமாறினாலும், இயந்திரங்களில் பெரும்பகுதியை விற்றாலும் இது பொருந்தும். வங்கிக் கடன், சம்பள பாக்கி, மற்ற கடன்கள் எல்லாம் போன பிறகு மிஞ்சும் தொகையில் முதலீட்டாளர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: போட்ட ₹1.5 கோடியை ஒரு மடங்கு மட்டும் முதலில் எடுப்பது, அல்லது சாதாரணப் பங்காக மாற்றி 25% பங்கை எடுப்பது. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது.

கணக்கில் பாருங்கள். மிஞ்சியது ₹3 கோடி என்றால் 25% என்பது ₹75 லட்சம்தான். நாங்கள் ₹1.5 கோடி எடுப்போம், மீதி ₹1.5 கோடி உங்களுக்கும் ஊழியர்களுக்கும். ₹6 கோடியில் இரு வழியும் சமம். ₹10 கோடி என்றால் பங்காக மாற்றி ₹2.5 கோடி எடுப்போம். முதல் வரைவில் இருந்த 'பங்கேற்பு' உரிமை நின்றிருந்தால் அதே ₹3 கோடியில் ₹1.5 கோடியும் மீதியில் கால்வாசியும், ஆக ₹1.875 கோடி எங்களிடம் வந்திருக்கும். அதை நீங்கள் மறுத்தது சரி, நாங்கள் விட்டுவிட்டோம்.

மோசமான நிலையையும் சொல்லிவிட வேண்டும். இயந்திரங்கள் ₹2 கோடிக்கு விற்று, அதில் வங்கிக்கு ₹40 லட்சமும் சம்பளம் முதலான பாக்கிக்கு ₹10 லட்சமும் போனால் மிஞ்சும் ₹1.5 கோடியும் எங்களுக்கே. உங்கள் கையில் ஒன்றும் வராது. அதற்கும் குறைவாக மிஞ்சினால் நாங்கள் நால்வரும் போட்ட விகிதத்தில் பிரித்துக்கொள்வோம். குறையும் தொகைக்கு உங்கள் சொந்த வீடோ நிலமோ பொறுப்பாகாது.

4. மற்றவை: இயக்குநர் குழுவில் நிறுவனர்கள் இருவர், எங்கள் தரப்பில் ஒருவர். அடுத்த சுற்றில் எங்கள் விகிதத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை. குறைந்த மதிப்பில் புதுப் பங்கு வந்தால் எங்கள் மாற்று விகிதத்தில் எடையிட்ட சராசரி முறையில் திருத்தம். நிறுவனர் பங்குகள் 4 ஆண்டுகளில் உரிமையாகும், ஏற்கெனவே உழைத்த 1 ஆண்டு அதில் சேரும். கணக்கு, வழக்கு, இயந்திர உரிமை ஆவணங்களைச் சரிபார்த்து, பங்குதாரர் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே பணம் வரும்.

ஆ. கட்டுப்படுத்தும் பகுதி

5. தனி உரிமை: 30 செப்டம்பர் 2025 வரை வேறு யாரிடமும் நிறுவனர்கள் முதலீடு கேட்கவோ பேசவோ கூடாது. வங்கியிடம் நடைமுறை மூலதனக் கடன் கேட்பது இதில் அடங்காது. அறுப்புக் காலத்தில் டீசலுக்கும் ஆள் கூலிக்கும் பணம் வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் இந்த விலக்கு. மீறினால் அதுவரை எங்களுக்கு ஆன வக்கீல், ஆடிட்டர் செலவை நிறுவனம் தர வேண்டும், ₹2 லட்சத்துக்கு மேல் அல்ல.

6. ரகசியம்: இந்தத் தாளும் பரிமாறிய கணக்குகளும் வக்கீல், ஆடிட்டர், வங்கி தவிர வெளியே போகக்கூடாது. சட்டம் கேட்டால் தரலாம். பேச்சு முறிந்தாலும் 2 ஆண்டுகள் இது நீடிக்கும். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை, அதாவது எந்த ஊரில் யாருக்கு எத்தனை மூட்டை உலர்த்தினீர்கள் என்பதை, நாங்கள் வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். எங்களில் ஒருவருக்கு அரிசி ஆலை இருப்பதால் இதைத் தனியே எழுதுகிறோம்.

7. செலவு: 5-ஆம் பிரிவு தவிர, அவரவர் செலவு அவரவருடையது.

8. சட்டம்: இந்தியச் சட்டம் பொருந்தும். 'ஆ' பகுதி குறித்த வழக்குகளுக்குத் தஞ்சாவூர் நீதிமன்றங்களுக்கே அதிகாரம்.

25 ஆகஸ்ட் 2025 மாலை 6 மணிக்குள் நிறுவனர்கள் இருவரும் கையெழுத்திட்டுத் தராவிட்டால் இந்தத் தாள் காலாவதியாகும்.

முதலீட்டாளர்கள் நால்வர் சார்பில், தலைமை முதலீட்டாளர்