போதை மீட்பு வார்டு போஸ்டிங்: வெள்ளிக்கிழமை வைவாக்கு முன்னாடி பாத்துக்க வேண்டிய கேள்விங்க

தம்பி தங்கச்சிங்களா, போன பேட்ச்ல பாதி பேரு டோஸ் எல்லாம் ஒப்பிச்சாங்க, ஆனா பேஷண்ட்ட பாத்து என்ன கேக்கணும்னு தெரியாம முழிச்சாங்க. அதனால இந்த தடவ கேஸாவே தரேன், கீழயே பதிலும் இருக்கு. முதல்ல பதில மறைச்சு வச்சிட்டு யோசிங்க. எந்த கேள்வியா இருந்தாலும் "கடைசியா எப்போ, எவ்வளவு" அப்டிங்கறத மொதல்ல தேடுங்க, பாதி மார்க் அங்கதான் கிடக்கு.

கேள்வி 1. கொத்தனார், 46 வயசு. சாரத்துல இருந்து விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆர்த்தோ வார்டுல அட்மிட். திங்கக்கிழமை கை உதறல், வேர்வை, தூக்கம் இல்ல. புதன் ராத்திரி ட்ரிப்ஸ பிடுங்கிட்டு கட்டில்ல உக்காந்து காத்துல செங்கல் அடுக்குறார், "டேய் கலவை கொண்டாடா"னு கத்துறார். பல்ஸ் 128, காய்ச்சல் 101. என்னன்னு சொல்லுவீங்க, வேற எதையெல்லாம் விடாம பாப்பீங்க?

பதில்: டெலிரியம் ட்ரெமென்ஸ். கணக்கு போட்டு பாருங்க, ஞாயிறு ராத்திரில இருந்து புதன் ராத்திரி 72 மணி நேரம். குடி நின்னு 6 மணில இருந்து 12 மணிக்குள்ள உதறல் ஆரம்பிக்கும், வலிப்பு பெரும்பாலும் 48 மணிக்குள்ள வந்துடும், டிடி 48ல இருந்து 96. காத்துல செங்கல் அடுக்குறாரே, அதுக்கு ஆக்குபேஷனல் டெலிரியம்னு பேரு, அவங்கவங்க தொழிலையே செய்வாங்க. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு பஸ் கண்டக்டர் பெட்ஷீட்ட கிழிச்சு கிழிச்சு பக்கத்து பெட்டுக்காரருக்கு டிக்கெட் குடுத்தாரு, சில்லறை இல்லன்னு சண்டை வேற. சிரிச்சுட்டோம், இப்போ நினைச்சா கஷ்டமா இருக்கு, ஏன்னா மூணு நாளா அவர்கிட்ட யாருமே குடிப்பீங்களான்னு கேக்கவே இல்ல, அட்மிஷன் எழுதுன நானும்தான் கேக்கல.

ஆனா டிடின்னு சொல்லிட்டு உக்காந்துடாதீங்க. உயரத்துல இருந்து விழுந்தவரு, அதனால தலைல ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கணும். தொடை எலும்பு முறிவுல முதல் மூணு நாளுக்குள்ள கொழுப்பு அடைப்பு வரலாம், மூச்சும் ஆக்சிஜன் அளவும் பாருங்க. சுகர், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், இன்ஃபெக்ஷன். குடிக்கிறவருன்னு தெரிஞ்ச உடனே மத்த எல்லாத்தையும் மறந்துடறதுதான் இந்த கேஸ்ல பெரிய தப்பு.

கேள்வி 2. நடுக்கமும் வலிப்பும் ஏன் வருது? பாட புத்தகம் மாதிரி வேணாம், அவரோட சம்சாரத்துக்கு புரியற மாதிரி சொல்லுங்க.

பதில்: நாள் பூரா பக்கத்துல ஸ்பீக்கர் கட்டி பாட்டு போட்டா வீட்டுல இருக்கவங்க கத்தி கத்தி பேசி பழகிடுவாங்க இல்லையா, திடீர்னு ஸ்பீக்கர நிறுத்துனாலும் கொஞ்ச நாள் கத்திக்கிட்டேதான் இருப்பாங்க. சாராயம் மூளைய அமுக்குது, அத மீறி வேலை செய்யணும்னு மூளை தன் சத்தத்த ஏத்தி வச்சுக்குது. டக்குனு குடிய நிறுத்துனா அமுக்கறது போயிடும், சத்தம் மட்டும் நிக்கும். எக்ஸாமினருக்கு சொல்லும்போது காபா குறைஞ்சு போச்சு, குளுட்டமேட் ஓவரா இருக்குன்னு சொல்லிக்கோங்க. சம்சாரத்துக்கு இன்னொன்னு கண்டிப்பா சொல்லணும், தினமும் குடிக்கிறவரு சபதம் போட்டு வீட்டுலயே ஒரே நாள்ல நிறுத்துறது ஆபத்து, முன்னாடி ஒரு தடவ வலிப்போ டிடியோ வந்திருந்தா கண்டிப்பா ஆஸ்பத்திரிலதான் நிறுத்தணும். 2020 லாக்டவுன்ல மார்ச் கடைசில கடைங்கள பூட்டுனப்ப பாத்தோமே, யாரும் சபதம் போடல, கடை இல்ல அவ்வளவுதான், ஆனாலும் உதறலும் வலிப்புமா வந்து நின்னாங்க.

கேள்வி 3. தினமும் ரெண்டு குவாட்டர்னு சொல்றாரு. கேஸ் ஷீட்ல என்ன எழுதுவீங்க?

பதில்: "ஆல்கஹாலிக்"னு ஒரு வார்த்த எழுதி விடாதீங்க. ஒரு குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம்னு லேபிள்லயே போட்டிருப்பாங்க, கணக்கு போட்டா கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால். 10 கிராம் ஒரு ட்ரிங்க்னா ஒரு குவாட்டரே ஆறு, ரெண்டுக்கு பன்னெண்டு. கூடவே கடைசி கட்டிங் எத்தன மணிக்கு, காலைல எந்திரிச்ச உடனே நடுக்கத்துக்காக குடிக்கிறாரா, முன்னாடி வலிப்பு வந்துச்சா, தூக்க மாத்திரை எதாவது போடுறாரா, இவ்வளவும் எழுதணும்.

கேள்வி 4. எந்த மாத்திரை? எல்லாருக்கும் ஒரே மாத்திரையா?

பதில்: பென்சோடயாசெபின்தான் மருந்து. லிவர் நல்லா இருக்கவங்களுக்கு குளோர்டயாசெபாக்சைடு இல்லன்னா டயாசெபாம், ரெண்டும் உடம்புல நீண்ட நேரம் நிக்கும், அதனால இறங்கறது மெதுவா இருக்கும். மஞ்சக்காமாலை, வயித்துல தண்ணி, வயசானவங்க, இவங்களுக்கு லோராசெபாம் இல்ல ஆக்சாசெபாம், ஏன்னா கெட்டுப்போன லிவர்லயும் இதுங்கள உடம்பு ஓரளவு கழிச்சுடும். டயாசெபாம இடுப்புல ஊசியா போடாதீங்க, சரியா ஏறாது, தசைல போட்டாகணும்னா லோராசெபாம். மொத நாள் தாராளமா குடுத்து அஞ்சு ஏழு நாள்ல குறைச்சு நிறுத்தணும். டிஸ்சார்ஜ்ல அதே மாத்திரைய ஒரு மாசத்துக்கு எழுதி குடுக்கறவங்களும் இருக்காங்க, அது ஒரு பழக்கத்த எடுத்துட்டு இன்னொன்ன கையில குடுக்கற வேலை. வெறும் ஃபெனிடாயின் இந்த வலிப்ப தடுக்காது. ஹாலோபெரிடால மட்டும் தனியா போட்டு கட்டி வச்சா வலிப்பு வர வாய்ப்பு கூடும்.

கேள்வி 5. நைட் டூட்டில மயக்கமா வந்தவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் மாட்டப் போறாங்க. கைய பிடிச்சு நிறுத்துவீங்களா?

பதில்: நிறுத்தி தயமின் ஊசி போட சொல்லுவேன். பல வருஷம் சாப்பாட்ட விட்டு குடிச்சவங்க உடம்புல தயமின் இருக்காது, குளுக்கோஸ் ஏறுனா இருக்கற கொஞ்சமும் செலவாயிடும், வெர்னிக்கே வரலாம். குழப்பம், கண்ணு ஆடுறது இல்ல ஓரத்துக்கு போகாம நிக்கறது, நடை தள்ளாட்டம். மூணும் சேந்து இருக்கணும்னு காத்திருக்காதீங்க, ஒன்னு இருந்தாலே சந்தேகப்படுங்க. ஊசியாத்தான் போடணும், மாத்திரை வயித்துல சரியா ஏறாது. ஆனா சுகர் 40 இருந்தா தயமின் வரட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது, ரெண்டையும் ஒன்னா குடுங்க. இங்க கோட்ட விட்டா கோர்சகாஃப், அப்புறம் அந்த மனுஷனுக்கு காலைல சாப்ட இட்லியே ஞாபகம் இருக்காது.

கேள்வி 6. பையனுக்கு 22. மூணு மாசம் மறுவாழ்வு மையத்துல இருந்துட்டு முந்தாநாள்தான் வெளிய வந்தான். வலி மாத்திரைய கரைச்சு ஊசி போட்டுக்கிட்டான். கண்மணி குண்டூசி முனை மாதிரி, நிமிஷத்துக்கு 5 மூச்சு, உதடு நீலம். கூட்டாளிங்க மூஞ்சில தண்ணி ஊத்தி, அறைஞ்சு, உப்புத் தண்ணி வேற வாயில ஊத்தப் பாத்திருக்காங்க. என்ன செய்வீங்க, ஏன் பழைய அளவே அவன சாய்ச்சுது?

பதில்: மொதல்ல மூச்சு. அம்பு பேக்க எடுத்து ஆக்சிஜனோட மூச்சு குடுங்க, நலாக்சோன் தேடி ஓடறது அப்புறம், ஓபியாய்டு ஆளக் கொல்றது மூச்ச நிறுத்தித்தான். ஆம்பியூல் 0.4 மில்லிகிராம். மூச்சு கொஞ்சமாவது இருந்தா அத 10 மில்லியா கலந்து ஒரு ஒரு மில்லியா, அதாவது 0.04 மில்லிகிராமா, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ. மூச்சே இல்லன்னா முழு ஆம்பியூலும் போடலாம், கூடவும் போடலாம். 10 மில்லிகிராம் வரைக்கும் போயும் ஒன்னும் இல்லன்னா வேற காரணம் தேடுங்க. நம்ம குறி மூச்சு ஏறறது, அவன் எந்திரிச்சு உக்காந்து பேசறது இல்ல. ஒரேயடியா போட்டா தூக்கி வாரிப்போட்டு எந்திரிப்பான், வாந்தி, உடம்பு வலி, கோவம், உங்கள தள்ளிட்டு ஓடுவான்.

ஓட விடாதீங்க. நலாக்சோன் வேலை செய்யறது அரை மணில இருந்து ஒன்றரை மணி வரைக்கும்தான், உள்ள கிடக்கற மருந்து அதுக்கு மேலயும் நிக்கலாம், வீட்டுக்கு போய் படுத்தா மறுபடி மூச்சு நிக்கும். ஏன் பழைய அளவு தாங்கலன்னா, மூணு மாசத்துல உடம்போட தாங்கும் சக்தி போயிடுச்சு, மனசுல மட்டும் பழைய அளவு அப்படியே இருக்கு. ஜெயில்ல இருந்து வர்றவங்களுக்கும் இதே கதை. அதனால மையத்துல இருந்து அனுப்பும்போதே வீட்டுக்காரங்க முன்னாடி இத சொல்லணும், "சொன்னா ஐடியா குடுத்த மாதிரி ஆயிடும்"னு பேசறவங்கள நம்பாதீங்க. கூட்டாளிங்ககிட்ட: தண்ணி, உப்பு எதுவும் வாயில வேணாம், ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு 108.

கேள்வி 7. ஒரு அம்மா உங்கள தனியா கூப்பிட்டு "அவருக்கு தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்கற மாத்திரை எழுதி குடுங்க"ன்னு கெஞ்சுறாங்க.

பதில்: இது கண்டிப்பா வரும், வைவால வரலன்னாலும் ஓபில வரும். அவங்க கேக்கறது டைசல்ஃபிரம். ஆல்கஹால் உடைஞ்சு வர்ற அசிடால்டிஹைட அடுத்த படிக்கு போக விடாம தடுத்துடும், அதனால குடிச்சா மூஞ்சி சிவந்து, தலை வெடிக்கற மாதிரி வலி, வாந்தி, படபடப்பு, பிரஷர் இறங்கி விழுவாங்க, இதய நோய் இருந்தா உயிருக்கே ஆபத்து. தெரியாம குடுத்தா அவரு வழக்கம் போல குவாட்டர் அடிச்சுட்டு ரோட்டுல விழுவாரு. அவருக்கு தெரிஞ்சு, சம்மதிச்சு, கையெழுத்து போட்டு, சம்சாரம் முன்னாடி காலைல முழுங்கினாத்தான் இது மருந்து, இல்லன்னா விஷம். அந்த அம்மாவ திட்டி அனுப்பாதீங்க, "அண்ணன ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வாங்கம்மா"ன்னு சொல்லுங்க. அவரு வரமாட்டேன்னாலும் அவங்க தனியா 14446க்கு பேசலாம், காசு கிடையாது.

துணைக் கேள்வி: கடைசி மாத்திரைக்கு அப்புறம் எத்தன நாள் ஜாக்கிரதை? ரெண்டு வாரம். இருமல் சிரப், ஆஃப்டர் ஷேவ், அப்புறம் நம்ம ஊர்ல யாருமே யோசிக்காத அரிஷ்டம், அதுலயும் ஆல்கஹால் இருக்கு.

கேள்வி 8. அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன், பேக்லோஃபென். யாருக்கு எது?

பதில்: கிட்னி கெட்டிருந்தா அகாம்ப்ரோசேட் வேணாம், அது கிட்னி வழியாத்தான் வெளிய போகும். 333 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு ரெண்டு, மூணு வேளை, ஒரு நாளைக்கு ஆறு மாத்திரைய எவன் ஒழுங்கா போடுவான்னு அதையும் சேத்து யோசிங்க. நால்ட்ரெக்சோன் தினம் 50, குடிச்சா வர்ற கிக்க மழுக்கும், ஆனா கடைசியா ஓபியாய்டு எடுத்து ஏழு பத்து நாள் ஆகியிருக்கணும். இங்கதான் மாட்டுவீங்க: முதுகு வலிக்கு டிரமடால் போடுறவருக்கு கேக்காம நால்ட்ரெக்சோன் குடுத்தா சாயங்காலமே வித்ட்ராயல்ல துடிப்பாரு. லிவர் மோசமா இருக்கவருக்கு பேக்லோஃபென் யோசிக்கலாம், ஆனா அதையும் திடீர்னு நிறுத்தக் கூடாது.

கேள்வி 9. ஓபியாய்டு பழக்கம் உள்ளவர் "மாத்திரை உடனே குடுங்க சார்"னு காலைல எட்டு மணிக்கு வந்து நிக்கறார், ஊசி போட்டது ஆறு மணிக்கு. பியூப்ரெனார்ஃபின் நாக்குக்கு அடியில வைப்பீங்களா?

பதில்: இப்போ வைக்க மாட்டேன். அது ரிசெப்டர்ல ரொம்ப இறுக்கமா ஒட்டும், ஆனா பாதி வேலைதான் செய்யும். உள்ள இருக்கறத தள்ளிட்டு ஒட்டுனா முழு கிக்குல இருந்தவரு ஒன்றரை மணி நேரத்துக்குள்ள வித்ட்ராயலுக்கு போவாரு, அப்புறம் வாழ்க்கைக்கும் இந்த மாத்திரை பக்கமே வரமாட்டாரு. அரை நாளாவது ஆகி கொட்டாவி, மூக்குல தண்ணி, கண்மணி விரிவு, புல்லரிப்பு எல்லாம் தெரியணும், வித்ட்ராயல அளக்கற COWS அளவுகோல்ல 12 கிட்ட வந்தப்புறம் மொத டோஸ். கூட இருக்கற நலாக்சோன் நாக்குக்கு அடியில வச்சா ஏறாது, கரைச்சு ஊசி போட்டாத்தான் வேலைய காட்டும், அதுக்காகத்தான் சேத்திருக்காங்க. அதுவரைக்கும் அவர வெளிய அனுப்பாதீங்க. ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சு, டீ வாங்கி குடுத்து, சாயங்காலம் வரைக்கும் அடிக்கடி எட்டிப் பாத்து கண்மணிய நோட் பண்ணுங்க.