விடுப்பு விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை
(அலுவலகப் பணியாளர்கள் அனைவருக்கும், பணியமைப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர், நாள்: 02.01.2026)

பொங்கலையொட்டி விடுப்பு கேட்டு இதுவரை வந்த 14 விண்ணப்பங்களில் 9 விண்ணப்பங்களைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அவற்றில் எதுவும் விடுப்பு இல்லை என்பதற்காகத் திரும்பவில்லை. எழுதிய விதத்தால் திரும்பின. ஆகவே விண்ணப்பத்தை அ1 உதவியாளரிடம் கொடுப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றை ஒருமுறை பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தேதிகள் தெளிவாக உள்ளனவா?

திரும்பிய 9 விண்ணப்பங்களில் 6 இந்தக் காரணத்துக்காகவே திரும்பின. அவற்றில் ஒன்றின் வாசகம் இது: "பொங்கல் நேரத்தில் குடும்பத்துடன் சொந்த ஊர் செல்ல இருப்பதால் அடுத்த வாரம் சில நாட்கள் விடுப்பு தந்து உதவுமாறு வேண்டுகிறேன்." விண்ணப்பத்தில் எழுதிய நாளே இல்லாததால் 'அடுத்த வாரம்' எந்த வாரம் என்பது தெரியவில்லை, 'சில நாட்கள்' என்பதைத் தற்செயல் விடுப்புப் பதிவேட்டில் எந்த எண்ணாகக் கழிப்பது என்பதும் தெரியவில்லை. '12ஆம் தேதியிலிருந்து 14ஆம் தேதி வரை' என்று எழுதுவதிலும் மாதம் விடுபடுவதோடு, 14ஆம் தேதி விடுப்பில் சேருமா, அன்று பணிக்கு வருவாரா என்ற ஐயம் எஞ்சுகிறது. அதே வேண்டுகோளைப் பின்வருமாறு எழுதினால் கேள்விக்கே இடமில்லை:

"12.01.2026 (திங்கள்) முதல் 14.01.2026 (புதன்) முடிய 3 நாட்கள் தற்செயல் விடுப்பு வழங்குமாறும், 10.01.2026, 11.01.2026 ஆகிய விடுமுறை நாட்களை முன்னிணைப்பாகவும், 15.01.2026 முதல் 18.01.2026 முடிய உள்ள விடுமுறை நாட்களைப் பின்னிணைப்பாகவும் துய்க்க அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். 19.01.2026 முற்பகல் பணிக்குத் திரும்புவேன்."

தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதும் வழக்கம் நல்லது. தேதி தவறியிருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். அரை நாள் விடுப்பு என்றால் முற்பகலா பிற்பகலா என்பதைக் குறிப்பிட வேண்டும்.

2. விடுமுறை நாட்களையும் சேர்த்து எண்ணினீர்களா?

தற்செயல் விடுப்பும் அதனுடன் இணையும் விடுமுறைகளும் சேர்ந்து, பணியில் இல்லாத மொத்தக் காலம் 10 நாட்களைத் தாண்டக் கூடாது. மேலே காட்டிய எடுத்துக்காட்டில் 10ஆம் தேதி முதல் 18ஆம் தேதி முடிய 9 நாட்கள் வருகின்றன. 19ஆம் தேதியும் விடுப்பு எடுத்தால் 10 ஆகும், அதுவரை சரி. 20ஆம் தேதியையும் சேர்த்து '5 நாள் தற்செயல் விடுப்புதானே' என்று கேட்ட இருவரின் கணக்கு 11ஆக வந்ததால், அவர்கள் ஒரு நாளைக் குறைக்கவோ ஈட்டிய விடுப்புக்கு விண்ணப்பிக்கவோ வேண்டியிருக்கிறது.

3. எந்த விடுப்பு என்று சொல்லியிருக்கிறீர்களா?

வெறுமனே 'விடுப்பு' என்று எழுதக் கூடாது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாட்கள்; டிசம்பர் 31உடன் மீதம் காலாவதியாகும், ஆகவே சென்ற ஆண்டின் மீதத்தை ஜனவரியில் கேட்பதில் பொருளில்லை. வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆண்டுக்கு 3 நாட்கள். எந்தப் பண்டிகைக்காக என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். விடுமுறை நாளில் பணி செய்ததற்கான ஈடுசெய் விடுப்பு என்றால், பணி செய்த நாளையும் குறிப்பிடுக.

4. ஒப்புதல் தருபவர் யார்?

'மேலாளர் அவர்களுக்கு', 'உயர் அலுவலர் அவர்களுக்கு' என்று தொடங்கும் விண்ணப்பங்கள் மேசை மேசையாகச் சுற்றுகின்றன. நம் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், தட்டச்சர், உதவியாளர் ஆகியோரின் தற்செயல் விடுப்பை நேர்முக உதவியாளர் வழங்குகிறார். கண்காணிப்பாளர்களுடையதை அலுவலகத் தலைவர் வழங்குகிறார். ஆகவே பெறுநர் பகுதியில் அந்தப் பதவியையே எழுதி, அதன் கீழ் 'உரிய வழியாக' என்று குறித்து, முதலில் பிரிவுக் கண்காணிப்பாளரின் பரிந்துரைக் கையொப்பத்தைப் பெற வேண்டும். பரிந்துரை இல்லாமல் நேராக மேலே போன விண்ணப்பம் மீண்டும் கீழே வருவதற்கே இரண்டு நாட்கள் ஆகின்றன.

வழங்க வேண்டியவர் முகாமில் இருந்தால், அவருடைய பொறுப்பைக் கவனிப்பவர் யார் என்பதை அ1 உதவியாளரிடம் கேட்டு அவர் பதவிக்கு எழுதுங்கள். கைப்பேசியில் செய்தி அனுப்பி, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்ததை வைத்துக்கொண்டு விடுப்பு கிடைத்துவிட்டதாக எண்ணியவர்கள் உண்டு. அது தகவல் தெரிவித்ததாகுமே தவிர, விடுப்பு வழங்கியதாகாது. அவசரத்தில் செய்தி மட்டும் அனுப்பியவர்கள் பணிக்குத் திரும்பும் நாளிலேயே எழுத்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

5. மன்னிப்பு மிகுந்திருக்கிறதா?

இதை எழுதத் தயங்கினேன். ஆனால் அண்மையில் வந்த ஒரு விண்ணப்பத்தில் மன்னிப்பு 5 இடங்களில் இருந்தது, தேதி ஓரிடத்தில்கூட இல்லை. "தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு முதற்கண் மன்னிப்பு கோருகிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் விடுப்பு கேட்பது தவறு என்று எனக்கே தெரியும். இனி இந்த ஆண்டு விடுப்பே கேட்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்" என்று அது நீண்டது. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக ஒரு நாள் விடுப்பு கேட்பது தவறன்று. இனி கேட்கவே மாட்டேன் என்ற உறுதிமொழியைக் காப்பாற்றவும் யாராலும் முடியாது. வேலை பாதிக்கப்படுமே என்ற கவலை உண்மையாக இருந்தால், அதை மன்னிப்பாக எழுதாமல் ஏற்பாடாக எழுதுங்கள்: "எனது இருக்கைப் பணியை அ3 உதவியாளர் கவனிக்க இசைந்துள்ளார், மாதாந்திர அறிக்கையை 09.01.2026 அன்றே முடித்துக் கொடுப்பேன்." 'பணிந்து', 'தாழ்மையுடன்' போன்ற சொற்களில் ஒன்று ஓரிடத்தில் வந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'எனது உரிமையான விடுப்பை உடனே வழங்குக' என்று எழுதுவது விதிப்படியும் சரியன்று. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பதே விடுப்பு விதிகளின் நிலை.

6. காரணம் அளவாக உள்ளதா?

தற்செயல் விடுப்புக்கு 'சொந்த அலுவல் காரணமாக' என்பதே போதும். குடும்பச் சண்டை, கடன், மருத்துவப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை விவரிக்க வேண்டாம். விண்ணப்பம் கோப்பில் பலர் கண்ணில் படும். மருத்துவக் காரணத்துக்காக நீண்ட விடுப்பு கேட்கும்போது மட்டும் மருத்துவச் சான்றும், பணிக்குத் திரும்பும்போது உடற்தகுதிச் சான்றும் கட்டாயம் வேண்டும்.

7. சிறியவை

கையொப்பம், எழுதிய நாள், பதவி, பிரிவு, விடுப்புக்கால முகவரி, கைப்பேசி எண் ஆகியவை விடுபடாமல் இருக்கட்டும். வெளியூர் செல்பவர்கள் தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதியும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பொங்கல் விடுப்புக்கான திருத்திய விண்ணப்பங்கள் 07.01.2026 (புதன்) மாலை 5 மணிக்குள் அ1 உதவியாளரிடம் சேர வேண்டும். ஒரே பிரிவிலிருந்து ஒரே நாளில் இருவருக்கு மேல் விண்ணப்பித்திருந்தால், யார் செல்வது என்பதைப் பிரிவுக் கண்காணிப்பாளர் பேசி முடிவு செய்த பிறகே அவை நேர்முக உதவியாளருக்கு அனுப்பப்படும்.