வீட்டுக் கடன் முடிந்தமைக்கான கணக்கு அறிக்கையும் நிலுவை இல்லாச் சான்றிதழும் கோரி விண்ணப்பம்

அனுப்புநர்:
சி. மாதம்மாள்,
க/பெ. (காலஞ்சென்ற) கி. சின்னராஜ்,
பாலக்கோடு சாலை, காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வீட்டுக் கடன் பிரிவு,
கிருஷ்ணகிரி கிளை.

நாள்: 19.01.2026

பொருள்: வீட்டுக் கடன் கணக்கு எண் வீக/0316/2010 – தவணைகள் முழுவதும் செலுத்தி முடித்தமை – தொடக்கம் முதல் இறுதிவரையிலான கணக்கு அறிக்கை, நிலுவை இல்லாச் சான்றிதழ் மற்றும் அசல் ஆவணங்கள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காவேரிப்பட்டணம் பேரூராட்சியில் உள்ள எங்கள் மனையில் வீடு கட்டுவதற்காக, என் கணவர் திரு. கி. சின்னராஜ் அவர்களும் இணைக் கடன்தாரராக நானும் 2010 மார்ச் மாதத்தில் தங்கள் கிளையில் ரூ. 8,00,000 வீட்டுக் கடன் பெற்றோம். 2010 அக்டோபர் 5 முதல் மாதத் தவணை தொடங்கியது. என் கணவர் 2022 ஜூன் மாதம் காலமானார். அதன்பின் தையல் வேலையில் நான் சேர்த்ததும் ஓசூரில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகன் அனுப்பியதுமாக, என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்யும் ஏற்பாட்டில் தவணைகள் செலுத்தப்பட்டு, 05.01.2026 அன்று கடைசித் தவணையும் பிடிக்கப்பட்டுவிட்டது.

எனினும் 07.01.2026 அன்று கடன் கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்தபோது ரூ. 412 நிலுவை என்று காட்டியது. அது அபராத வட்டியா, வேறு ஏதேனும் கட்டணமா என்று கவுன்ட்டரில் கேட்டதற்கு விவரம் கிடைக்கவில்லை. இத்தொகையால் கணக்கு முடிவது தள்ளிப்போகக்கூடாது என்பதற்காக மறுநாளே, அதாவது 08.01.2026 அன்று, அதையும் ரொக்கமாகச் செலுத்தி ரசீது பெற்றுக்கொண்டேன். ஆகவே அந்த நாளையே கடன் முழுவதும் தீர்ந்த நாளாகக் கொள்ளவும், அத்தொகை எதற்காக எந்தத் தேதியில் பற்று வைக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். 412 ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு தவணையைக்கூட வங்கி ஆள் வந்து கேட்கும்படி வைத்துக்கொள்ளாத குடும்பத்துக்குக் கடைசி வரியில் எழுதப்பட்ட அந்த எண் எதற்கென்று தெரிந்தாக வேண்டும்.

கணக்கு அறிக்கையைப் பொறுத்தவரை, நிதியாண்டு வாரியான வட்டிச் சான்று எனக்குப் போதாது. முதல் தவணைத் தொகை வழங்கப்பட்ட நாளிலிருந்து 08.01.2026 வரை, ஒவ்வொரு வரவிலும் அசலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு சென்றது, மாறும் வட்டி என்பதால் எந்தெந்தத் தேதிகளில் வட்டி விகிதம் மாறியது, வேறு என்னென்ன கட்டணங்கள் பற்று வைக்கப்பட்டன என்பவை தெரியும் முழு அறிக்கை வேண்டும். குறிப்பாக, கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி அளித்த தவணை ஒத்திவைப்பின்கீழ் 2020 ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களின் தவணைகளை நாங்கள் செலுத்தவில்லை. 2025 செப்டம்பரில் முடிந்திருக்க வேண்டிய கடன் 2026 ஜனவரி வரை நீண்டதற்கு அதுவே காரணம் என்று அறிகிறேன். அம்மூன்று மாத வட்டி எவ்வாறு சேர்க்கப்பட்டது என்பதும், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்துக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மத்திய அரசு திரும்ப வழங்கிய திட்டத்தின்படி எங்கள் கணக்கில் எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்பதும் அறிக்கையில் தனித்துத் தெரிய வேண்டும்.

நிலுவை இல்லாச் சான்றிதழில் என் கணவர் பெயரும் என் பெயரும், கடன் கணக்கு எண்ணும், கடன் முடிந்த தேதியும், இந்தச் சொத்தின்மீது வங்கிக்கு இனி எவ்வித உரிமையும் கோரிக்கையும் இல்லை என்ற வாசகமும் இடம்பெறுமாறு வேண்டுகிறேன்.

அடுத்ததாக, இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்கு முதன்மையானது அசல் ஆவணங்களே. 2010இல் அவற்றை ஒப்படைத்தபோது வங்கி கொடுத்த ஒப்புகைத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான்காக மடித்த அத்தாளில் கார்பன் எழுத்து மங்கியிருந்தாலும், ஏழு ஆவணங்களின் வரிசையும் வாசிக்கும்படியே உள்ளது. என் மாமனார் 1978இல் மனையை வாங்கிய கிரையப் பத்திரமும், 2008இல் அவர் என் கணவருக்கு எழுதிக்கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரமும், பட்டாவும், பேரூராட்சியின் கட்டட அனுமதி வரைபடமும் அவற்றில் அடங்கும். 1978ஆம் ஆண்டுப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் என் மாமனாரின் இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. அவர் நினைவாக எங்களிடம் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஏழையும் அந்த வரிசைப்படி சரிபார்த்து, தங்கள் கிளையிலேயே பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். பிணையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த மூன்று வெற்றுக் காசோலைகளையும் உடன் திருப்பித் தருமாறும், தானாகப் பிடித்தம் செய்யும் ஏற்பாட்டை ரத்து செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு குறித்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளதால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை எழுதிப் பதிவு செய்து தர வங்கியின் சார்பில் அலுவலர் ஒருவர் வர வேண்டும். அதற்கான நாளை முன்கூட்டியே தெரிவித்தால் முத்திரைத்தாள் மற்றும் பதிவுக் கட்டணத்துடன் நான் தயாராக இருப்பேன். செர்சாய் மையப் பதிவேட்டில் எங்கள் சொத்தின்மீது பதிவு இருப்பின் அதையும் நீக்கி, எங்கள் இருவர் பெயரிலும் கடன் முடிந்ததாக சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

சொத்து என் கணவர் பெயரில் இருப்பதால், அவருடைய வாரிசுகளான நான், என் மகன், திருப்பூரில் வசிக்கும் என் மகள் ஆகிய மூவர் பெயரும் உள்ள வாரிசுச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். ஆவணங்களை என்னிடம் வழங்க மற்ற இருவரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் உடன் உள்ளது. மகள் மாசி மாதத்தில் ஊருக்கு வரும்போது மூவரும் கலந்து பத்திரப் பதிவு செய்துகொள்ள எண்ணியுள்ளோம். வில்லங்கச் சான்றில் வங்கியின் பெயர் நிற்கும்வரை அதற்கு வழியில்லை. இன்னும் ஏதேனும் ஆவணம் தேவையெனில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு அலைய வைக்காமல், அனைத்தையும் ஒரே கடிதத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள பொறுப்பையும் நீக்க வேண்டும் என்றும், வங்கியால் தாமதம் ஏற்பட்டால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று பிறப்பித்த அறிவுறுத்தல் 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அதன்படி எங்கள் கணக்குக்கு 07.02.2026 கடைசி நாளாகும். இழப்பீடு பெறுவது என் நோக்கமன்று. அந்த நாளுக்குள் பத்திரங்கள் கைக்கு வந்தால் போதும்.

இக்கடிதத்தின் நகலில் தங்கள் அலுவலக முத்திரையும் தேதியும் இட்டு ஒப்புகை வழங்கவும், பதிலை மேற்கண்ட முகவரிக்கு அஞ்சலில் அனுப்புவதுடன் கடன் கணக்கில் பதிவாகியுள்ள என் கைபேசி எண்ணிலும் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சி. மாதம்மாள்
(இணைக் கடன்தாரர்)

இணைப்பு: கடன் கணக்குப் புத்தக நகல், 08.01.2026 நாளிட்ட ரசீது நகல், 2010ஆம் ஆண்டு ஆவண ஒப்புகைத் தாளின் நகல், கணவரின் இறப்புச் சான்றிதழ் நகல், வாரிசுச் சான்றிதழ் நகல், வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆதார் நகல்.