கூட்டாளியின் பங்கை வாங்க நீ கேட்ட பணம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

ரெண்டு நாளில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் மனசு மாறிவிடும், அல்லது சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துச் சொல்லி உன்னைக் குழப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்ட ஆறு லட்சத்தை என்னால் தர முடியாது. பாதியும் முடியாது, அடுத்த மாதமும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை 'ஒருவேளை தருவாளோ' என்று நீ தேடித் தேடிப் படிக்க வேண்டாம்.

என்னிடம் டெபாசிட் இருப்பது உனக்குத் தெரியும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் மாமாவின் ஒப்பந்த வேலை இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் ஓடும். பெரியவளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். அந்த டெபாசிட் எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதச் செலவுக்கும் தவணைக்கும் சரியாக இருக்கும், அவ்வளவுதான். அதைத் தொட்டுவிட்டால் அவருக்கு வேலை போகிற மாதமே நான் இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும்.

மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய என்று எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது உண்மை இல்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம், முடிவை நான்தான் எடுத்தேன். வருத்தம் இருந்தால் என் மேல் படு, அவர் மேல் வேண்டாம்.

பணக் கஷ்டம் மட்டும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். உனக்கு ஆறு லட்சம் கொடுத்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. நீ புதுச் செருப்பு போட்டு வந்தால் என் கண் அதில் போய் நிற்கும். நீ போன் எடுக்கத் தாமதமானால் எதையோ மறைக்கிறாய் என்று தோன்றும். நீயும் ஒரு தவணை தவறிய மாதம் இந்தப் பக்கமே வர மாட்டாய். நீ வரும்போது உள்ளே வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்துக்கொள்கிறாயே, அது எனக்கு வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலையை விட்டுவிட்டு ராத்திரி ராத்திரியாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ. அன்றைக்குப் பேசும்போது அதை ஒரு வார்த்தைகூட நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று உனக்கும் தெரிந்திருக்கும். எடுக்காமல் இருந்தாயே, அதை நான் கவனித்தேன்.

ஜாமீன் விஷயமும் கேட்டிருந்தாய். கையெழுத்துதானே, பணமா கேட்கிறேன் என்றாய். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், அதனால் சொல்கிறேன்: ஜாமீன் கையெழுத்து போட்டவரிடமும் வங்கி முழுத் தொகையையும் கேட்க முடியும். நான் நாளைக்கு ஏதாவது கடன் வாங்கப் போனால் அதையும் என் சுமையாகத்தான் பார்ப்பார்கள். அதனால் அதுவும் முடியாது. இன்னொன்று, தயவுசெய்து இதற்காக அம்மாவின் சேமிப்பைக் கேட்காதே. கேட்டால் அம்மா கொடுத்துவிடுவார்கள், அதுதான் பயம். நீ என்னிடம் கேட்டது அம்மாவுக்குத் தெரியாது, என் வாயிலிருந்து போகவும் போகாது.

சரி, இப்போது நான் உண்மையில் பேச நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். உன் கூட்டாளி பாதிப் பங்குக்கு எட்டு லட்சம் கேட்கிறார் என்றாயே, அந்த எட்டு எங்கிருந்து வந்தது? நீ போனில் சொன்னதை வைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று வேனும் இன்றைக்கு விற்றால் பதினெட்டு போகும் என்றாய். வாகனக் கடன் பாக்கி பதினொன்று. மிச்சம் ஏழு. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியது மூன்று, நீங்கள் கொடுக்க வேண்டியது ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது. அதில் பாதி நாலரை. எட்டு இல்லை! தொழிலுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, நிரந்தர ஆர்டர்கள் இருக்கின்றன, அதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது சரி. ஆனால் அந்த ஆர்டர்களைப் பிடித்தவனும் ஓட்டுகிறவனும் நீதான் என்னும்போது, அதற்கு அவருக்கு மூன்றரை லட்சம் ஏன் தர வேண்டும்? அந்த மூன்று லட்சம் பாக்கியிலும் எவ்வளவு ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்று பார். பழைய பாக்கி முழுசாக வராது. அதைக் கழித்தால் நாலரையும் குறையும்.

(இதைப் படித்துவிட்டு 'அப்போ நாலரை என்றால் தருவாயா அக்கா' என்று கேட்காதே. உன்னை எனக்குத் தெரியும்.)

வாகனக் கடனில் அவரும் சேர்ந்துதான் கையெழுத்து போட்டிருக்கிறார் இல்லையா? அப்படியென்றால் பங்கை உனக்குக் கொடுத்துவிட்டு அவர் விலகினாலும், வங்கி அவரை எழுத்துமூலமாக விடுவிக்கும் வரை அந்தக் கடன் அவர் தலையிலும் இருக்கும். அவருக்கும் உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. ஒரே தடவையில் முழுப் பணத்தையும் வை என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை. நாலரை என்றே வைத்தாலும், உன் கையில் இருக்கிற ரெண்டு லட்சத்தை இப்போது கொடுத்துவிட்டு, மீதியை மாதம் இருபத்தைந்தாயிரமாகப் பத்து மாதத்தில் தருகிறேன் என்று கேட்டுப் பார். எந்தப் பேச்சாக இருந்தாலும் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு வேனை விற்று அதன் கடனை அடைத்துவிட்டு ரெண்டு வேனோடு ஓட்ட முடியுமா என்று யோசி. உனக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் மூன்றாவது வேன் மாதத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது என்று நீயேதான் புலம்பினாய்.

அப்புறம், எது செய்தாலும் கிரெடிட் கார்டில் பணம் எடுத்து இதில் போடாதே. கார்டில் ரொக்கமாக எடுத்தால் எடுத்த அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். மாதம் மூன்று சதவீதம் என்றால் லட்சத்துக்கு மாதம் மூவாயிரம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அசல் அசையவே அசையாது.

என்னால் முடிந்தது ரெண்டு விஷயம். உன் சின்னவனின் இந்தப் பருவத்துப் பள்ளிக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். அது கடன் இல்லை, திருப்பித் தரவும் வேண்டாம், அவன் அத்தை கொடுப்பது. நேரே பள்ளிக்குக் கட்டிவிடுவேன், அதனால் வேண்டாம் என்று பேரம் பேசாதே. அடுத்தது, சனிக்கிழமை முழுக்க எனக்கு வேலை இல்லை. கூட்டு ஒப்பந்தம், மூன்று வேனின் கடன் கணக்கு, ஒரு வருஷ வங்கிக் கணக்கு, யார் யார் எவ்வளவு பாக்கி என்ற உன் நோட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. உட்கார்ந்து ஒரு தாளில் சரியான தொகையைப் போட்டுவிடலாம். அவரிடம் பேசப் போகும்போது நானும் கூட வர வேண்டும் என்றால் வருகிறேன்.

கோபம் வந்தால் நாலு நாள் கோபமாக இரு, தப்பில்லை. ஆனால் அதற்குள் எட்டு லட்சத்துக்கு எதிலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. சனிக்கிழமை வர முடியாதென்றால் அந்த நோட்டை மட்டுமாவது போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா