பொருள்: குறைபாடுள்ள தரைப் பணிக்கான சீரமைப்புச் செலவைக் கோருதல்

ஐயா,

எங்கள் கடையில் தாங்கள் பதித்துக் கொடுத்த டைல்ஸ் தரை, வேலை முடிந்த இரண்டே மாதங்களில் 34 இடங்களில் விரிசல் விட்டும் மேலெழும்பியும் கிடக்கிறது. பெயர்ந்த கல்லொன்றைப் புரட்டிப் பார்த்தபோது, நான்கு மூலைகளிலும் நடுவிலும் மட்டுமே கலவை இருந்தது. அடியில் எஞ்சிய பகுதி வெற்றிடமாக இருப்பதால்தான் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. கல்லாவுக்கு அருகே, எழும்பி நின்ற விளிம்பில் கால் இடறி ஒரு மூதாட்டி விழுந்தார். இதை என்னால் சிறு குறையென்று விட்டுவிட இயலாது.

இருமுறை அழைத்தும் தாங்கள் வந்து பார்வையிடவில்லை. ஆகவே, வேறொரு ஒப்பந்ததாரரிடம் பெற்று இத்துடன் இணைத்துள்ள மதிப்பீட்டின்படி, பழைய கற்களைப் பெயர்த்து மீண்டும் பதிப்பதற்கான முழுத் தொகையையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால் சட்ட நடவடிக்கை எடுப்பேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

இணைப்பு: மதிப்பீடு, புகைப்படங்கள்