முட்டுக்கிடா

கறுப்பு ஓஸ் போட்டதுதான் தப்பு என்று வாசுகிக்கு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வத்தலக்குண்டு போய், மிளகு விற்ற காசில் வாங்கி, பஸ் கூரையில் ஏற்றித் தாண்டிக்குடியில் இறக்கி, அங்கிருந்து ஓடை வரைக்கும் அவரே தோளில் சுமந்து வந்த ஓஸ் அது.

ஓடைக்கரையில் பாதி மண்ணுக்குள் புதைந்து நின்றது பம்பு. முழங்கால் உயரம். கீழே இரும்பு வயிறு, மேலே கவிழ்த்துவைத்த குடம். துருவைச் சுரண்டியபோது வயிற்றில் எழுத்துகள் தெரிந்தன: பிளேக்ஸ் ஹைட்ரம், அக்ரிங்டன். தாத்தா எஸ்டேட்டில் கூலியாக இருந்தபோது அவர் பொறுப்பில் இருந்தது. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது, இந்தப் பம்பு நிற்கிற 3 ஏக்கர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாராம். கரண்டும் டீசலும் இல்லாமல் தண்ணீர் தானே மேலே ஏறும். ராம் பம்பு என்று துரைமார் சொன்னதை ஊர்க்காரர்கள் ராமர் ஆக்கிவிட்டார்கள். "ராமரு பேசுறாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் தாத்தா காலையில் எழுவார் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறாள். அது பேச்சை நிறுத்தி 37 வருஷம் ஆகிவிட்டது.

"அந்த ராம் வேற, இந்த ராமர் வேற அப்பத்தா. இங்கிலீஷ்ல ராம்னா கிடா. முட்டுக்கிடா."

"அது எதுக்குடி தண்ணிக்குள்ள முட்டுது?"

அதைத்தான் இப்போது அப்பாவிடமும் சொல்லவேண்டியிருந்தது. வாசுகி கோயம்புத்தூரில் ஒரு பம்புக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க மோட்டாரின் இரைச்சல்தான். மோட்டாரே இல்லாத பம்பை அவள் கையால் தொடுவது இதுதான் முதல் தடவை. பொங்கலுக்கு 10 நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ப்பா, மேலேயிருந்து தண்ணி ஓடி வருது. வந்து இந்த வால்வு வழியா வெளியே கொட்டுது. வேகம் கூடக் கூட, அந்த வேகமே வால்வைத் தூக்கி பட்டுன்னு சாத்திருது. ஓடி வந்த தண்ணிக்குப் போக வழியில்ல. முட்டுது. அந்த முட்டுல கொஞ்சம் தண்ணி குடத்துக்குள்ள ஏறிருது, அங்கேயிருந்து நம்ம தொட்டிக்கு. முட்டி முடிஞ்சதும் வால்வு தன் கனத்துல தானா விழுந்து திறந்துக்கும். திரும்ப முதல்லேயிருந்து."

"அதெல்லாம் தெரியும். இப்ப ஏன் முட்டலை?"

"முட்டுது. ஆனா ஓஸ் உப்புது. அந்த அடியை அதுவே வாங்கிக்குது. இரும்புக் குழாய்தான் வேணும்."

செல்லையா கொஞ்ச நேரம் ஓஸையே பார்த்தார். "அய்யா காலத்துல இரும்புதான் இருந்துச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

பழைய குழாய்கள் தொலைந்துபோகவில்லை. உண்ணிச்செடிப் புதருக்கு அடியில், 20 அடி நீளத்தில், இரண்டு இஞ்சுக் குழாய்கள் மூன்று கிடந்தன. இரண்டு நன்றாக இருந்தன. மூன்றாவது, பம்புக்குப் பக்கத்தில் இருந்தது, ஒரு முழத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. வாசுகி பிளவை விரலால் தடவினாள். விளிம்பு வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது.

"உள்ளேயிருந்து வெடிச்சிருக்கு. காட்டெருமை மிதிச்சா இப்படி ஆகாது."

அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த குழாயைத் தூக்கப் போய்விட்டார்.

வெடித்த குழாய்க்குப் பதில் வத்தலக்குண்டு பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. மரை வெட்டி வாங்கிவர ஒரு நாள் போனது. குடத்துக்கு அடியில் இருந்த வால்வின் தோல் வாஷர் கருவாடாகக் காய்ந்திருந்தது. பழைய லாரி டியூபில் புதிதாக வெட்டிப் போட்டாள். ஓடையில் மேலே கல் அடுக்கி மறித்து, 12 அடி இறக்கத்தில் குழாயைப் போட்டு, ஆட்டம் இல்லாமல் பாறையோடு கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். போகிக்கு முதல் நாள் சாயங்காலம் தண்ணீரைத் திறந்தார்கள்.

"டக்" என்று ஒரே ஒரு சத்தம். வால்வு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான். அமுக்கினால் திறந்தது, மறுபடி டக், மறுபடி மௌனம். வாசுகி வால்வின் கனத்தைக் கூட்டிப் பார்த்தாள். குறைத்துப் பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. அட்டை வேறு காலில் ஏறியது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. பம்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அல்லவா.

"தள்ளு" என்றார் செல்லையா.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வலது குதிகாலை வால்வின் தலையில் வைத்தார். அமுக்கினார். டக். அமுக்கினார். டக். ஏற்றத்தில் சால் எண்ணுகிற மாதிரி வாய்க்குள் எண்ணிக்கொண்டே மிதித்தார். "அய்யா இப்படித்தான் செய்வாரு. நாப்பது, அம்பது மிதி."

வாசுகிக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே போகிற குழாய் காலி. திரும்பித் தள்ள அங்கே தண்ணீர் இல்லை, அதனால் வால்வை மறுபடி திறக்கவிடுகிற பின்னுதைப்பும் இல்லை. கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் அப்புறம் அது பார்த்துக்கொள்ளும்.

நாற்பத்தி மூன்றாவது மிதிக்குக் காலை எடுத்தபோது வால்வு தானாக விழுந்தது. டக். விழுந்தது. டக். அப்பா குதிகாலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார், கீழே வைத்தால் நின்றுபோய்விடும் என்பதுபோல.

மேலே, வீட்டுக்குப் பின்னால், தொட்டியின் குழாய் வாயில் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பம்பிலிருந்து 80 அடி உயரம். முதலில் காற்று புஸ்புஸ் என்று வந்தது. அப்புறம் ஒரு செத்த பூரான். அப்புறம் டீ நிறத்தில் தண்ணீர். வாசுகி குடத்தை வைத்துப் போனில் நேரம் பார்த்தாள். 15 லிட்டர் குடம் நிறைய மூன்று நிமிஷம் இருபது வினாடி.

"நிமிஷத்துக்கு நாலரை லிட்டர்தான்ப்பா. கீழே அம்பது லிட்டர் கொட்டுனா இது ஏறுது."

"ராத்திரியும் ஓடும்ல?"

"ராத்திரியும் ஓடும். ஒரு நாளைக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வரும்."

செல்லையா மனசுக்குள் கணக்குப் போட்டார். மலைவாழைக்கு இவ்வளவு, பங்குனியில் காப்பிக்கு இவ்வளவு. டீசலுக்குப் போகிற காசு இவ்வளவு. உதடு மட்டும் அசைந்தது.

பொங்கலும் மாட்டுப் பொங்கலும் அந்தச் சத்தத்தோடு போயின. ஐந்தாம் நாள் ராத்திரி சத்தம் மாறியது. டக் இல்லை, ணங், ணங் என்று சம்மட்டி அடி. டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள். பாறையில் கட்டிய கம்பி தளர்ந்து, ஒவ்வொரு அடிக்கும் குழாய் துள்ளிக்கொண்டிருந்தது. வாசுகி தண்ணீரை அடைத்துவிட்டுக் குடத்தின் அடித்திருகைக் கழற்றினாள். வந்தது அத்தனையும் தண்ணீர்.

"குடத்துல காத்து இருக்கணும்ப்பா. அதுதான் மெத்தை. அதுதான் அடியை வாங்கித் தண்ணியைச் சீராத் தள்ளுது. இப்ப காத்தெல்லாம் தண்ணியில கரைஞ்சு போயிருச்சு. மெத்தை இல்லாம இரும்போட இரும்பு முட்டுது." அவள் நிறுத்தினாள். "இப்படியே விட்டாக் குழாய் வெடிச்சிரும்."

அப்பா டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்திருந்தார்.

"காத்து கொஞ்சங் கொஞ்சமா உள்ளே போக எங்கேயாவது ஒரு சின்ன ஓட்டை இருக்கணும். வால்வுக்குக் கீழே. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தண்ணி துப்பும், பின்னுதைப்புல கொஞ்சம் காத்தை உறிஞ்சிக்கும். அது இல்லாமலா தாத்தா காலத்துல..."

"இருக்கு."

அவர் குனிந்து குடத்தின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்தார். மிளகளவு ஒரு மேடு. வார்ப்பில் வந்த மச்சம் என்று வாசுகி நினைத்து, அதன்மேல் பெயின்ட் வேறு அடித்திருந்தாள்.

"ஆணி. நான் அடிச்சது."

ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"பதினேழு வயசு. அய்யா சந்தைக்குப் போயிருந்தாரு. இந்த ஓட்டையில பொழுதன்னைக்கும் தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும். வீணாப் போகுதேன்னு ஆணியை அடிச்சு, மேல தார் பூசிட்டேன். அய்யா வந்ததும் சொல்லி ஆச்சரியப்படுத்தணும்னு இருந்தேன். அதுக்குள்ள மறந்துபோச்சு. அப்புறம் இதே மாதிரி ணங்ணங்னு சத்தம். ஒரு ராத்திரி குழாய் வெடிச்சிருச்சு."

"தாத்தாகிட்ட சொல்லலையா?"

"ஆணியாலதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" குரல் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது. "சந்தேகம் இருந்துச்சு. புடுங்கிப் பாத்திருக்கலாம். புடுங்குனா நான்தான்னு தெரிஞ்சிரும்ல. அய்யா ஏதோ சாமிகுத்தம்னு நெனச்சாரு. ஆத்தாவும் அவரும் ஆறு வருசம் தண்ணி தூக்குனாங்க இந்த மேட்டுல."

வாசுகிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த மேட்டை அவள் அறிவாள். வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும்.

"டார்ச்சை இங்க அடிங்க" என்றாள்.

மறுநாள் காலையில் கை டிரில்லை வைத்து ஆணியைத் துளைத்து எடுத்தார்கள். துளைத்தது அப்பாதான். ஓட்டை பெரிதாகிவிட்டால் துப்புவது அதிகமாகிவிடும் என்பதால், அதற்குள் ஒரு செம்புக் கம்பியை மடித்துச் சொருகினாள் வாசுகி. அடைக்காமல், ஆடுகிற மாதிரி. தண்ணீரைத் திறந்து செல்லையா பதினைந்து மிதி மிதித்தார். டக். ஒவ்வொரு டக்குக்கும் அந்த ஓட்டை கொசுறாக ஒரு துளி துப்பியது. அப்பா அதற்குக் கீழே உள்ளங்கையை நீட்டி, கை நனையும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கோயம்புத்தூர் போய் ஒரு வாரம் ஆனது. சாப்பாட்டு வேளையில் போன் போட்டாள். எடுத்தது அப்பத்தா.

"உங்கப்பன் ஓடைக்குப் போயிருக்கான்டி. தெனத்துக்கும் நாலு தடவ போறான். என்னடான்னா, ஒழுகுதான்னு பாக்கப் போறேங்கிறான்."

"ஒழுகுதாமா?"

"ஒழுகுதாம். வந்து சொல்லிட்டுச் சிரிக்கிறான், கிறுக்குப் பய. ஒழுகுனா ஒரு ஆணியை அடிச்சு அடைக்க வேண்டியதுதான?"

"வேணாம் அப்பத்தா" என்றாள் வாசுகி. "ஒழுகட்டும்."